கேன்டீன் செலவு யார் தலையில்? நேரடி முறையும் ஸ்டெப்-டவுனும்

ஒரு ஃபேக்டரியில சம்பளம் வாங்குற எல்லாருமே பொருள் செய்யுறவங்க இல்லை. கேன்டீன்ல சாம்பார் வைக்கிறவர் ஒரு போல்ட்டைக்கூட முடுக்குறதில்லை. மெயின்டனன்ஸ் மெக்கானிக் ரிப்பேர் பண்ணுவார், உற்பத்தி பண்ண மாட்டார். ஆனா இவங்க செலவையும் விக்கிற பொருளோட விலையிலதான் எடுக்கணும், வேற வழி கிடையாது. அப்போ அந்தச் செலவை எந்த டிபார்ட்மென்ட் தலையில, எவ்வளவு கட்டுறது?

எஞ்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பர்ல இதை நாலு வரியில முடிச்சிடுவாங்க. "நேரடி முறை எளிது, ஸ்டெப்-டவுன் அதைவிடத் துல்லியம், பரஸ்பர முறை மிகத் துல்லியம்." மூணாவது பகுதியில பிரச்சினை இல்லை. நடுவுல இருக்குற "ஸ்டெப்-டவுன் அதைவிடத் துல்லியம்" என்பதை மட்டும் கொஞ்சம் சந்தேகமா பார்க்கணும். ஏன்னு ஒரு முழுக் கணக்கைப் போட்டே பார்த்துடலாம். கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா நல்லது.

நம்ம ஃபேக்டரி

கோயம்புத்தூர் பக்கம் ஒரு நடுத்தர பம்ப்செட் ஃபேக்டரின்னு வச்சுக்கோங்க. ஃபேக்டரியும் எண்களும் கற்பனைதான், ஆனா அளவுகள் நடைமுறைக்கு ஒத்து வர்ற மாதிரி எடுத்திருக்கேன். உற்பத்தி நடக்குறது ரெண்டு டிபார்ட்மென்ட்ல. மெஷின் ஷாப்ல இம்பெல்லர், ஷாஃப்ட், கேஸிங் எல்லாம் கடையுறாங்க. அசெம்பிளியில அதையெல்லாம் கோர்த்து, டெஸ்ட் பண்ணி, பெயின்ட் அடிச்சு அனுப்புறாங்க. இவங்களுக்குத் துணையா மூணு சர்வீஸ் டிபார்ட்மென்ட் இருக்கு: கேன்டீன், மெயின்டனன்ஸ், பவர் ஹவுஸ்.

ஒரு மாசத்துக்கு இந்த மூணும் செலவழிக்கிற பணம் இது.

- கேன்டீன்: ₹2,00,000
- மெயின்டனன்ஸ்: ₹5,60,000
- பவர் ஹவுஸ் (ஈபி பில்லும் சேர்த்து): ₹4,70,000

மொத்தம் ₹12,30,000. இதை மெஷின் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் பிரிக்கணும். அதுதான் நம்ம வேலை. எந்த முறையில பிரிச்சாலும் கடைசியில ரெண்டையும் கூட்டினா இந்த ₹12,30,000 அப்படியே வரணும். வரலைன்னா எங்கேயோ தப்பு நடந்திருக்கு.

பிரிக்கறதுக்கு ஒரு அளவுகோல் வேணும். கேன்டீனுக்குச் சாப்பிடுற ஆட்களோட எண்ணிக்கை, மெயின்டனன்ஸுக்கு ஜாப் கார்டுல பதிவான வேலை மணி, பவர் ஹவுஸுக்கு மீட்டர்ல ஓடின யூனிட்.

| யாருக்கு | ஆட்கள் | மெயின்டனன்ஸ் மணி | மின் யூனிட் |
|---|---|---|---|
| கேன்டீன் | – | 200 | 2,000 |
| மெயின்டனன்ஸ் | 20 | – | 2,000 |
| பவர் ஹவுஸ் | 5 | 600 | – |
| மெஷின் ஷாப் | 30 | 1,920 | 30,000 |
| அசெம்பிளி | 45 | 480 | 10,000 |
| மொத்தம் | 100 | 3,200 | 44,000 |

இந்த அட்டவணையில கவனிக்க வேண்டியது மேலே இருக்குற மூணு வரிசை. சர்வீஸ் டிபார்ட்மென்ட்கள் ஒருத்தருக்கொருத்தர் வேலை செஞ்சுக்கிறாங்க. மெக்கானிக் கேன்டீன்ல சாப்பிடுறார். அதே மெக்கானிக்தான் கேன்டீன் கிரைண்டர் நின்னு போனா வந்து சரி பண்றார். பவர் ஹவுஸ் ஜெனரேட்டருக்கு ஆயில் மாத்துறதும் அவர்தான். அவரோட வெல்டிங் செட்டுக்குக் கரன்ட் தர்றது பவர் ஹவுஸ். எல்லாம் ஒரு வட்டம். இந்த வட்டத்தை என்ன பண்றதுங்கறதுலதான் முறைகள் வேறுபடுது.

நேரடி முறை: வட்டத்தைக் கண்டுக்காம விடுறது

நேரடி முறையில மேல் மூணு வரிசையை மொத்தமா அடிச்சிடணும். சர்வீஸ் டிபார்ட்மென்ட் இன்னொரு சர்வீஸ் டிபார்ட்மென்ட்டுக்குச் செஞ்சது எதுவும் கணக்குல வராது. ஒவ்வொண்ணோட செலவும் நேரா மெஷின் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் போயிடும்.

கேன்டீனை எடுங்க. மெஷின் ஷாப் 30 பேர், அசெம்பிளி 45 பேர், ஆக 75 பேர். ₹2,00,000-ஐ 75-ஆல வகுத்தா தலைக்கு ₹2,667 வருது. மெஷின் ஷாப்புக்கு ₹80,000, அசெம்பிளிக்கு ₹1,20,000. இங்கே நிறைய பேர் 100-ஆல வகுத்துடுவாங்க. அப்படிச் செஞ்சா மெஷின் ஷாப்புக்கு ₹60,000, அசெம்பிளிக்கு ₹90,000 போகும், மீதி ₹50,000 யார்கிட்டேயும் போகாம அந்தரத்துல நிக்கும். கூட்டிப் பார்க்கச் சொன்னது இதுக்குத்தான்.

மெயின்டனன்ஸ் மணி 1,920-க்கு 480, அதாவது 4:1. ஆக ₹5,60,000-ல மெஷின் ஷாப்புக்கு ₹4,48,000, அசெம்பிளிக்கு ₹1,12,000. மின் யூனிட் 3:1. ₹4,70,000-ல மெஷின் ஷாப்புக்கு ₹3,52,500, அசெம்பிளிக்கு ₹1,17,500.

கூட்டினா மெஷின் ஷாப் ₹8,80,500, அசெம்பிளி ₹3,49,500. ரெண்டும் சேர்ந்து ₹12,30,000. சரியா இருக்கு.

எளிமையா முடிஞ்சது. ஆனா இதுல யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. மெக்கானிக்குகள் 20 பேர் சாப்பிட்ட சாப்பாட்டுச் செலவும் 30:45-னு பிரிஞ்சிடுச்சு, அதுல பெரும்பங்கு அசெம்பிளி தலையில. ஆனா அந்த மெக்கானிக்குகள் உற்பத்திக்குச் செய்யுற வேலையில அஞ்சுல நாலு பங்கு மெஷின் ஷாப்புக்குத்தான். மெஷின் ஷாப்புக்காக உழைக்கிறவங்க சாப்பாட்டுக்கு அசெம்பிளி பணம் கட்டுது. அசெம்பிளி சூப்பர்வைசர் இதைக் கண்டுபிடிச்சா சண்டைக்கு வருவார், அதுல நியாயமும் இருக்கு.

ஸ்டெப்-டவுன்: பாதி வட்டத்தை மட்டும் பார்க்குறது

இந்தக் குறையைச் சரி பண்ண வந்ததுதான் ஸ்டெப்-டவுன். நம்ம காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகங்கள்ல ஸ்டெப் லேடர்னும் போட்டிருப்பாங்க. சர்வீஸ் டிபார்ட்மென்ட்களை ஒரு வரிசையில நிறுத்தணும். முதல் ஆள் தன் செலவை மத்த சர்வீஸ் டிபார்ட்மென்ட்கள் உட்பட எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டுக் கணக்கை மூடிடுவார். ரெண்டாவது ஆள் தன் செலவோட முதல் ஆள்கிட்ட வாங்கினதையும் சேர்த்து, தனக்குக் கீழே இருக்குறவங்களுக்கு மட்டும் பிரிப்பார். மூடின கணக்குக்குத் திரும்ப எதுவும் போகக்கூடாது. பணம் படியில இறங்கும், ஏறாது.

கேன்டீன், மெயின்டனன்ஸ், பவர் ஹவுஸ் என்ற வரிசையில போட்டுப் பார்ப்போம்.

முதல் படி, கேன்டீன். இப்போ 100 பேரும் கணக்குல வர்றாங்க, தலைக்கு ₹2,000. மெயின்டனன்ஸுக்கு ₹40,000, பவர் ஹவுஸுக்கு ₹10,000, மெஷின் ஷாப்புக்கு ₹60,000, அசெம்பிளிக்கு ₹90,000. கேன்டீன் மூடியாச்சு.

ரெண்டாவது படி, மெயின்டனன்ஸ். சொந்தச் செலவு ₹5,60,000, கேன்டீன்கிட்ட வாங்கினது ₹40,000, ஆக ₹6,00,000. கேன்டீனுக்குச் செஞ்ச 200 மணியை விட்டுட்டா மீதி 3,000 மணி. மணிக்கு ₹200. பவர் ஹவுஸுக்கு ₹1,20,000, மெஷின் ஷாப்புக்கு ₹3,84,000, அசெம்பிளிக்கு ₹96,000.

மூணாவது படி, பவர் ஹவுஸ். சொந்தச் செலவு ₹4,70,000, கேன்டீன் கொடுத்தது ₹10,000, மெயின்டனன்ஸ் கொடுத்தது ₹1,20,000, ஆக இதுவும் ₹6,00,000. மீதி இருக்குறது 40,000 யூனிட், யூனிட்டுக்கு ₹15. மெஷின் ஷாப்புக்கு ₹4,50,000, அசெம்பிளிக்கு ₹1,50,000.

மொத்தமா மெஷின் ஷாப் ₹8,94,000, அசெம்பிளி ₹3,36,000.

நினைச்ச மாதிரியே நடந்தது. மெக்கானிக் சாப்பாடு மெயின்டனன்ஸ் வழியா மெஷின் ஷாப்புக்குப் போயிடுச்சு, அசெம்பிளிக்கு ₹13,500 குறைஞ்சது. "பாருங்க, ஸ்டெப்-டவுன் நியாயமானது"ன்னு பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே முடிஞ்சிடும். நாம இன்னும் ஒரு அடி போவோம்.

வரிசையை மாத்தினா?

கேன்டீனை முதல்ல வச்சது ஏன்? மத்த சர்வீஸ் டிபார்ட்மென்ட்களுக்கு எது அதிக சதவீதம் சேவை செய்யுதோ அதை முதல்ல வைக்கணும்னு ஒரு விதி உண்டு. கேன்டீன் 100 பேர்ல 25 பேருக்கு, அதாவது 25%. மெயின்டனன்ஸ் 3,200 மணியில 800 மணி, அதுவும் 25%. விதி சமநிலையில நிக்குது. பவர் ஹவுஸ் 44,000-ல 4,000 யூனிட்தான், சுமார் 9%. அது கடைசின்றதுல சந்தேகம் இல்லை. சதவீதம் வேண்டாம், எது ரூபாய்க் கணக்குல அதிகம் கொடுக்குதோ அதை முதல்ல வைன்னு இன்னொரு விதியும் இருக்கு. அப்படிப் பார்த்தா மெயின்டனன்ஸ் ₹1,40,000, கேன்டீன் ₹50,000. மெயின்டனன்ஸ்தான் முதல்.

சரி, மெயின்டனன்ஸை முதல்ல வச்சே போடுவோம். ₹5,60,000-ஐ முழு 3,200 மணியால வகுத்தா மணிக்கு ₹175. கேன்டீனுக்கு ₹35,000, பவர் ஹவுஸுக்கு ₹1,05,000, மெஷின் ஷாப்புக்கு ₹3,36,000, அசெம்பிளிக்கு ₹84,000.

அடுத்து கேன்டீன், இப்போ ₹2,35,000. மெயின்டனன்ஸ் மூடிட்டதால மெக்கானிக்குகள் 20 பேர் கணக்குல கிடையாது, மீதி 80 பேர். தலைக்கு ₹2,937.50. பவர் ஹவுஸுக்கு ₹14,688, மெஷின் ஷாப்புக்கு ₹88,125, அசெம்பிளிக்கு ₹1,32,188.

கடைசியா பவர் ஹவுஸ், ₹5,89,688. மூணு பங்கு மெஷின் ஷாப்புக்கு ₹4,42,266, ஒரு பங்கு அசெம்பிளிக்கு ₹1,47,422.

பைசாவை ரவுண்ட் பண்ணினா மெஷின் ஷாப் ₹8,66,391, அசெம்பிளி ₹3,63,609.

இப்போ மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அசெம்பிளிக்கு நேரடி முறையில ₹3,49,500. ஸ்டெப்-டவுன்ல கேன்டீன் முதல்ல வந்தா ₹3,36,000. அதே ஸ்டெப்-டவுன்ல மெயின்டனன்ஸ் முதல்ல வந்தா ₹3,63,609. நேரடி முறை நடுவுல நிக்குது, ஸ்டெப்-டவுன் வரிசையைப் பொறுத்து ரெண்டு பக்கமும் ஓடுது. ஒரு வரிசைக்கும் இன்னொரு வரிசைக்கும் இருக்குற வித்தியாசம் ₹27,609. ஃபேக்டரியில ஒரு மெஷின்கூட நகரலை, ஒரு ஆள்கூட மாறலை. மாறினது அக்கவுன்டன்ட்டோட ஷீட்ல ரெண்டு வரிசை மட்டும்.

அப்போ எது சரி?

தீர்ப்பு சொல்ல ஒரு நடுவர் வேணும். பரஸ்பர முறைதான் அந்த நடுவர், ஏன்னா அது வட்டத்தை எங்கேயும் வெட்டுறதில்லை. நமக்கு இது புதுசும் இல்லை. மூணு சமன்பாடு, மூணு தெரியாத எண், முதல் செமஸ்டர் மேட்ரிக்ஸ் கணக்குதான். கேன்டீனோட முழுச் செலவு = ₹2,00,000 + மெயின்டனன்ஸ் முழுச் செலவுல 3,200-ல 200 பங்கு + பவர் ஹவுஸ் முழுச் செலவுல 44,000-ல 2,000 பங்கு. மத்த ரெண்டுக்கும் இதே மாதிரி எழுதிட்டா பைத்தான்ல சில வரிதான்.

```python
import numpy as np
A = np.array([[1,      -200/3200, -2000/44000],
              [-20/100, 1,        -2000/44000],
              [-5/100, -600/3200,  1]])
b = np.array([200000, 560000, 470000])
print(np.linalg.solve(A, b))
```

விடை வரிசையா சுமார் ₹2,67,492, ₹6,40,933, ₹6,03,549. இந்த மூணையும் கூட்டினா ₹12,30,000-ஐவிட அதிகமா வரும், பயப்படாதீங்க. ஒரே பணம் வட்டத்துல சுத்துறப்போ ஒருதடவைக்கு மேல எண்ணப்படுது, அவ்வளவுதான். இதுல உற்பத்தி டிபார்ட்மென்ட்களோட பங்கை மட்டும் எடுங்க. அசெம்பிளிக்குக் கேன்டீன்ல 100-ல 45, மெயின்டனன்ஸ்ல 3,200-ல 480, பவர் ஹவுஸ்ல 44,000-ல 10,000. கூட்டினா சுமார் ₹3,53,682. மெஷின் ஷாப்புக்கு ₹8,76,318. மொத்தம் திரும்பவும் ₹12,30,000.

| முறை | அசெம்பிளிக்கு | நடுவரிடமிருந்து விலகல் |
|---|---|---|
| நேரடி | ₹3,49,500 | ₹4,182 குறைவு |
| ஸ்டெப்-டவுன், கேன்டீன் முதல் | ₹3,36,000 | ₹17,682 குறைவு |
| ஸ்டெப்-டவுன், மெயின்டனன்ஸ் முதல் | ₹3,63,609 | ₹9,927 அதிகம் |
| பரஸ்பரம் | ₹3,53,682 | – |

நம்ம ஃபேக்டரியில எல்லாத்தையும் கண்டுக்காம விட்ட நேரடி முறைதான் உண்மைக்கு மிகப் பக்கத்துல இருக்கு. கஷ்டப்பட்டுப் போட்ட ஸ்டெப்-டவுன் ரெண்டும் தள்ளி நிக்குது.

காரணம் இதுதான். இந்த வட்டத்துல செலவு ரெண்டு திசையில ஓடுது. கேன்டீன்லேர்ந்து மெயின்டனன்ஸுக்குப் போற பணம் கடைசியில பெரும்பாலும் மெஷின் ஷாப்புல போய்ச் சேரும். மெயின்டனன்ஸ்லேர்ந்து கேன்டீனுக்குப் போற பணம் பெரும்பாலும் அசெம்பிளியில போய்ச் சேரும், ஏன்னா அங்கேதான் ஆட்கள் அதிகம். நேரடி முறை ரெண்டையுமே மறந்துடுது. ஒரு தப்பு அசெம்பிளிக்குச் சாதகம், இன்னொரு தப்பு பாதகம், ரெண்டும் ஒண்ணையொண்ணு ஓரளவு அடிச்சுக்குது. ஸ்டெப்-டவுன் ஒரு திசையை மட்டும் சரி பண்ணிட்டு மறு திசையைப் பூட்டி வைக்குது. கேன்டீனை முதல்ல மூடினா, கிரைண்டரைச் சரி பண்ணின மணிகளோட செலவு கேன்டீன் பக்கமே வராது. சமன் பண்ண ஆள் இல்லாம ஒரு தப்பு மட்டும் தனியா நிக்குது.

இதை வச்சு "நேரடி முறைதான் சிறந்தது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. இங்கே தப்புகள் அடிச்சுக்கிட்டது இந்த எண்களோட அதிர்ஷ்டம். ஓட்டம் கிட்டத்தட்ட ஒரே திசையில மட்டும் இருக்குற இடத்துல ஸ்டெப்-டவுன் நல்லாவே வேலை செய்யும். கேன்டீன் எல்லாருக்கும் சோறு போடுது, ஆனா கேன்டீனுக்கு யாரும் பெருசா எதுவும் செய்யலைன்னா, அதை முதல்ல வச்சு மூடுறதுல எதுவும் தொலையாது. ஓட்டம் ரெண்டு பக்கமும் கணிசமா இருந்தாதான் சிக்கல்.

எப்போ எந்த முறையும் ஒண்ணுதான்?

பிரிக்க ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு நிமிஷச் சோதனை செய்யலாம். உற்பத்தி டிபார்ட்மென்ட்கள் ஒவ்வொரு சர்வீஸையும் எந்த விகிதத்துல பயன்படுத்துதுன்னு பாருங்க. நம்ம மெஷின் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் கேன்டீன் 2:3, மெயின்டனன்ஸ் 4:1, பவர் 3:1. இந்த மூணும் ஒரே விகிதமா இருந்திருந்தா, பணம் எந்த வழியா சுத்தி வந்தாலும் கடைசியில அதே விகிதத்துலதான் பிரியும். எல்லா முறையும் ஒரே விடை தரும், மெனக்கெடவே தேவையில்லை. விகிதங்கள் எவ்வளவு விலகி இருக்கோ, சர்வீஸ்களுக்குள்ள பரிமாற்றம் எவ்வளவு பெருசோ, அவ்வளவுக்கு முறையோட தேர்வு முக்கியமாகுது. இங்கே கேன்டீன் மட்டும் தலைகீழா 2:3-ல நிக்குது, அதனாலதான் அதை வரிசையில எங்கே வைக்கிறோம்ங்கறது விடையை ஆட்டி வைக்குது.

இந்த வித்தியாசம் எங்கே போய் இடிக்கும்?

அசெம்பிளியில மாசம் 9,000 வேலை மணின்னு வச்சுக்கோங்க. சர்வீஸ் செலவு மட்டும் மணிக்கு ₹38.83 (நேரடி), ₹37.33 (கேன்டீன் முதல்), ₹40.40 (மெயின்டனன்ஸ் முதல்). வெளியிலேர்ந்து பாகங்கள் வாங்கி நம்ம அசெம்பிளியில மட்டும் கோர்த்துத் தர்ற ஒரு ஆர்டர் வருது, ஒரு பம்புக்கு 3 மணி நேரம். அதுல சர்வீஸ் பங்கு ₹116.50, ₹112 அல்லது ₹121.20. வரிசையை மாத்தினதாலேயே ஒரு பம்புக்கு ₹9.20 வித்தியாசம். ரெண்டு டிபார்ட்மென்ட் வழியாகவும் போற வழக்கமான பம்புல இது இவ்வளவு தெரியாது, ஏன்னா அசெம்பிளியில கூடினது மெஷின் ஷாப்புல குறைஞ்சிடும். ஒரே டிபார்ட்மென்ட்டை மட்டும் தொடுற வேலைக்குக் கொட்டேஷன் போடும்போதுதான் கவனம் வேணும்.

இதைவிடப் பெரிய பொறி, சர்வீஸ் டிபார்ட்மென்ட்டையே மூடலாமான்னு யோசிக்கும்போது காத்திருக்கு. ஒரு கேட்டரர் வந்து, "வெளியில சமைச்சு எடுத்துட்டு வர்றேன், மாசம் தலைக்கு ₹2,200 கொடுங்க"ன்னு கேட்கிறார். மேனேஜர் நேரடி முறை ஷீட்டைத் திறக்கிறார், தலைக்கு ₹2,667. உடனே சரின்னு சொல்லத் தோணும். 75 பேருக்கு ₹1,65,000, இப்போ ஆகுறது ₹2,00,000, மாசம் ₹35,000 மிச்சம்! ஆனா சாப்பிடுறது 75 பேர் இல்லை, 100 பேர். பில் ₹2,20,000-க்கு வரும். அந்த ₹2,667 ஒரு சாப்பாட்டோட விலையே இல்லை. 25 பேரை மறைச்சு வச்சதால ஊதிப்போன எண் அது.

அப்போ ஸ்டெப்-டவுன் சொல்ற ₹2,000-ஐ நம்பலாமா? அதுலயும் கேன்டீனுக்கு வந்த கரன்ட்டும் மெக்கானிக் நேரமும் இல்லை. வரிசையை மாத்தினா அதே ஸ்டெப்-டவுன் ₹2,937.50-ன்னு சொல்லும். இந்தக் கேள்விக்குப் பங்கீட்டு ஷீட்ல விடை கிடைக்காது. கேன்டீனை மூடினா உண்மையில எந்தச் செலவு நிக்கும்னு தனியா எழுதிப் பார்க்கணும். கேன்டீனோட சொந்த ₹2,00,000 முழுசா நிக்கும்னு வச்சுக்குவோம். 2,000 யூனிட் கரன்ட் மிச்சம், யூனிட் ₹8-ன்னு எடுத்தா ₹16,000. மெக்கானிக்கோட 200 மணி? அவர் மாசச் சம்பளக்காரர், கிரைண்டர் இல்லைன்னா சம்பளம் குறையாது. ஆக மிச்சமாகுறது ₹2,16,000, கேட்டரருக்குக் கொடுக்க வேண்டியது ₹2,20,000. மாசம் ₹4,000 நஷ்டம். கொஞ்சம் பேரம் பேசி ₹2,150-க்குக் கொண்டு வந்தா கதை மாறும். ஆனா எங்கேர்ந்து பேரம் பேசணும்னு தெரியவே இந்த எண் வேணும்.

தேர்வுலயும் ப்ராஜெக்ட்லயும்

கணக்குல ஸ்டெப்-டவுன் கேட்டு வரிசை கொடுக்கலைன்னா, நீங்க எடுத்த வரிசையையும் அதுக்கான காரணத்தையும் முதல் வரியிலேயே எழுதிடுங்க. இல்லைன்னா திருத்துறவர் கையில வேற விடை இருக்கும், உங்க விடையும் சரியாவே இருக்கும், மார்க் மட்டும் இருக்காது. ஒவ்வொரு படி முடிஞ்சதும் மூடின டிபார்ட்மென்ட்டை ஷீட்ல கோடு போட்டு அடிச்சிடுங்க. திரும்ப அதுக்குப் பணம் அனுப்புறதும், அதோட அளவை வகுக்கும் எண்ல விட்டு வைக்கிறதும்தான் அடிக்கடி நடக்குற ரெண்டு தப்பு.

ப்ராஜெக்ட்லயோ வேலையிலயோ நிஜ ஃபேக்டரி கிடைச்சா, ஸ்டெப்-டவுனை ரெண்டு வரிசையிலயும் போட்டுப் பாருங்க. ரெண்டு விடையும் பக்கத்துல இருந்தா எதை வேணும்னாலும் வச்சுக்கலாம், வருஷம் பூரா அதையே வச்சிருக்கணும். நடுவுல வரிசையை மாத்தினா, அசெம்பிளி திடீர்னு செலவைக் கூட்டின மாதிரி ஒரு மாசம் தெரியும், அந்த சூப்பர்வைசர் காரணமே இல்லாம மீட்டிங்ல பதில் சொல்லணும். ரெண்டு விடையும் தள்ளித் தள்ளி நின்னா, படியில இறங்குறதை விட்டுட்டு மூணு சமன்பாட்டையும் எழுதிடுங்க. லேப்டாப் இருக்குற காலத்துல மூணு டிபார்ட்மென்ட்டுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை.